பத்து மடங்கு என்று எழுதியிருந்த பூதக்கண்ணாடியால் அப்பாவுக்குப் பத்திரிகை வாசிக்க முடியவில்லை

வெள்ளவத்தை மகள்

அப்பாவுக்கு 79 வயது, ஓய்வுபெற்ற கணக்காளர். இரு கண்களிலும் விழித்திரையின் நடுப்பகுதியான மக்யூலாவில் தேய்வு இருக்கிறது, உலர்ந்த வகை என்று வைத்தியர் சொன்னார். வலக்கண்ணில் நடுப்பார்வை ஏறத்தாழ இல்லை, இடக்கண்ணால் சமாளிக்கிறார். மேலும் கீழும் இரண்டு பகுதிகளாக உள்ள மூக்குக்கண்ணாடிதான் அணிகிறார், தூரத்துக்கு மேல்பகுதி, வாசிப்புக்குக் கீழ்ப்பகுதி.

போன மாதம் புறக்கோட்டையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பூதக்கண்ணாடி வாங்கினோம். பிடியில் 10X என்று அச்சிட்டிருக்கிறது. அதை வைத்துக்கொண்டும் அவரால் பத்திரிகை வாசிக்க முடியவில்லை. இப்போது என் தம்பி கைப்பேசியை வாசிக்கச் செய்யலாம் என்கிறான், கணவர் திரையைக் கறுப்பாக்கலாம் என்கிறார். அப்பாவுக்கு வேண்டியவை நான்கு: காலைப் பத்திரிகை, தேவாரப் புத்தகம், மருந்து உறை, பழைய மாணவர் சங்கம் மாதந்தோறும் அனுப்பும் பீடிஎஃப் மடல். இவற்றுக்கு எதை வாங்குவது, எதைக் கைப்பேசியில் செய்வது என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பம்பலப்பிட்டி நிலா

இந்த வயதில் பார்வை மங்கினால் அது பெரும்பாலும் வெண்புரைதான் அக்கா. என் மாமாவுக்குச் சத்திரசிகிச்சை செய்த மறுவாரமே பத்திரிகை வாசித்தார். பூதக்கண்ணாடிக்குக் காசைச் செலவழிப்பதற்கு முன் அதைச் செய்துவிடுங்கள்.

வெள்ளவத்தை மகள்

நன்றி நிலா. இரு கண்களுக்கும் 2019 இலேயே சத்திரசிகிச்சை முடிந்து வில்லை பொருத்தியாகிவிட்டது. இப்போதைய சிக்கல் விழித்திரையில்.

பழைய ஒளியியலாளர்

நிலா கேள்வியைச் சற்று விலகிப் புரிந்துகொண்டாலும் அவர் தொட்ட இடம் முக்கியமானது. வெண்புரைச் சத்திரசிகிச்சைக்குச் சில ஆண்டுகளின் பின்னர், பொருத்திய வில்லைக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய உறை மங்கி, மறுபடியும் வெண்புரை வந்ததுபோல் ஆகிவிடுவதுண்டு. அதை லேசர் கொண்டு சில நிமிடங்களில் சரிசெய்துவிடலாம். அப்பாவை அண்மையில் பார்த்த வைத்தியர் அந்த உறை தெளிவாக இருப்பதாகச் சொன்னாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று: கதவுச் சட்டம், தரை ஓடு போன்ற நேர்கோடுகள் திடீரென வளைந்து தெரிவதாக அவர் சொன்னால், இந்த இழையில் பதில் வரும்வரை காத்திராமல் அன்றைக்கே கண் வைத்தியரிடம் கொண்டுபோங்கள், உலர்ந்த வகை ஈர வகையாக மாறும்போது நாள்கள் கணக்கு.

இனிப் பூதக்கண்ணாடிக்கு வருவோம். வில்லையின் வலு கூடக் கூட அதன் வளைவு கூடும். வளைவு கூடினால் அகலம் குறைந்தாக வேண்டும். உண்மையாகவே பத்து மடங்கு பெருக்கும் வில்லை நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்க்கும் அளவுக்குத்தான் இருக்கும், தாளிலிருந்து இரண்டரை சென்ரிமீற்றரில் பிடிக்க வேண்டும். உள்ளங்கை அகல வில்லையில் 10X என்று இருந்தால் அந்த எண்ணை நம்ப வேண்டாம். நீங்களே அளந்து பாருங்கள். பகலில் அறையின் மின்குமிழை அணைத்துவிட்டு, ஜன்னலுக்கு எதிரே உள்ள சுவரருகில் வில்லையைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். வெளியே தெரியும் கட்டிடம் சுவரில் தலைகீழாகக் கூர்மையாக விழும் இடத்தில், வில்லைக்கும் சுவருக்கும் உள்ள தூரம்தான் குவியத்தூரம். அதைச் சென்ரிமீற்றரில் அளந்து, 100 ஐ அதனால் வகுத்தால் வில்லையின் வலு டயொப்டரில் வரும். கூடவே அப்பாவின் தேவையையும் அளக்க வேண்டும். ஒரே பந்தியைக் கணினியில் 12, 18, 24, 32 என்ற அளவுகளில் அச்செடுத்து, 40 சென்ரிமீற்றர் தூரத்தில், கண்ணாடியின் கீழ்ப்பகுதியால், தடுமாறாமல் சரளமாக வாசிக்கும் மிகச் சிறிய அளவு எது என்று பாருங்கள். முட்டி மோதி ஒரு சொல்லைக் கண்டுபிடிக்கும் அளவு நமக்கு உதவாது. அந்த அளவில் எவரும் ஒரு பத்தியைத் தாண்டி வாசிப்பதில்லை.

பொழுது சாயும் வெயில் அடிக்கும் கடலோரப் பக்க ஜன்னல் ஓரத்தில் அந்த வில்லையை வைத்துவிட்டுப் போக வேண்டாம். திரைச்சீலையில் ஓட்டை விழுந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

கொட்டாஞ்சேனை வாசி

இவ்வளவு அளவை எதற்கு ஐயா? கைப்பேசியில் Accessibility பக்கத்துக்குப் போய் Color inversion ஐ இயக்கினால் போதும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து எந்தக் கண்ணுக்கும் நல்லது. என் அம்மாவுக்கு அப்படிச் செய்துகொடுத்த நாளிலிருந்து குறுஞ்செய்தி எல்லாவற்றையும் அவரே வாசிக்கிறார்.

பழைய ஒளியியலாளர்

உங்கள் அம்மாவுக்கு வெண்புரை இருக்கிறதா?

கொட்டாஞ்சேனை வாசி

ஆம், இன்னும் சத்திரசிகிச்சை செய்யவில்லை. நீரிழிவு கட்டுக்குள் வரட்டும் என்கிறார்கள்.

பழைய ஒளியியலாளர்

அதுதான் காரணம். மங்கிய வில்லைக்குள் போகும் வெள்ளை வெளிச்சம் நாலாபக்கமும் சிதறி எழுத்தின் மேல் பனிபோலப் படிகிறது. பின்னணியைக் கறுப்பாக்கினால் சிதறுவதற்கான வெளிச்சமே குறைந்துவிடுகிறது, அதனால் அவருக்கு அது பெரிய ஆறுதல். இந்த அப்பாவின் கண்ணிலோ வில்லை தெளிவானது, ஒளியை வாங்கும் இடம்தான் பழுதானது. அப்படிப்பட்டவர்களில் சிலருக்குக் கறுப்புத் திரை பிடிக்கும், பலருக்கு வித்தியாசமே இராது, சிலருக்கு வெளிச்சம் போதாமல் மோசமாகும். முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரே எழுத்தளவில் இரண்டு விதமாகவும் ஒவ்வொரு நிமிடம் வாசிக்கச் சொல்லிச் சொற்களை எண்ணினால் தெரிந்துவிடும். தவிர, அச்சுத் தாளுக்கு அந்த வசதி எதுவும் செய்யாது.

தமிழ் வாசிப்பில் எழுத்துக்கும் தாளுக்கும் நிற வேறுபாடு குறைந்த வெளிர்வு பற்றிக் கூடுதலாகக் கவலைப்பட வேண்டியிருக்கிறது. பத்திரிகைத் தாள் சாம்பல், மையும் சாம்பல். பெரிய உருவம் தெரியும்போதே புள்ளி முதலில் மறைந்துவிடும். க் எது க எது என்று தெரியாது. அடுத்து ி, ீ சுழிகள். பல எழுத்துருக்களில் காலுக்கும் ர என்ற எழுத்துக்கும் இடையே கீழே ஒரு சிறு கோடுதான் வேறுபாடு. அப்பா ஒரு சொல்லை வேறு சொல்லாக வாசித்து வசனம் பொருந்தாமல் திரும்பிப் போகிறார் என்றால், எழுத்தின் அளவைவிட வெளிச்சத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

வெள்ளவத்தை மகள்

அளந்தோம். எதிர்வீட்டு மாடித் தொட்டி சுவரில் தலைகீழாக விழுந்தபோது அப்பா சிறுபிள்ளைபோல் சிரித்தார். தூரம் 20 சென்ரிமீற்றர். அப்படியானால் 5 டயொப்டர்தானே? வில்லையின் ஓரத்தில் பொட்டுப் போல இன்னொரு சிறு வில்லை ஒட்டியிருக்கிறது, 10X என்பது அதற்காக இருக்குமோ தெரியவில்லை.

வாசிப்பு: முன்னறையில், கூரையில் உள்ள குழல் விளக்கின் கீழ், 24 அளவைச் சரளமாக வாசித்தார், 18 இல் தடுமாறினார். நீங்கள் சொன்னதுபோலவே ‘கண்டேன்’ என்பதைக் ‘காண்டேன்’ என்றும் ‘கண்டன’ என்றும் மாற்றி மாற்றிச் சொன்னார். பத்திரிகை எழுத்தை அச்செடுத்தவற்றோடு ஒப்பிட்டால் 10 க்குச் சமமாக இருக்கிறது. வைத்தியர் மூன்று வாரத்துக்கு முன்னர்தான் பார்த்தார். உறை தெளிவு என்று குறிப்பில் இருக்கிறது.

பழைய ஒளியியலாளர்

கணக்காளர் வீட்டில் கணக்குச் சரியாகத்தான் வரும். 24 ஐ 10 ஆல் வகுத்தால் 2.4. அதாவது பத்திரிகை அவருக்கு இப்போது தெரிவதைவிட 2.4 மடங்கு பெரிதாகத் தெரிய வேண்டும். 40 ஐ 2.4 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 17 சென்ரிமீற்றர். அந்தக் குவியத்தூரம் உள்ள வில்லை 6 டயொப்டர். உங்களிடம் இருப்பது 5. சற்றுத்தான் குறை, பத்து மடங்கு தேவையே இல்லை. 5 டயொப்டரைச் சிலர் நாலால் வகுத்து 1.25X என்பார்கள், சிலர் அதோடு ஒன்றைக் கூட்டி 2.25X என்பார்கள், அதனால் கடையில் X ஐ விட்டுவிட்டு டயொப்டரைக் கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் அங்கேயே கூரை விளக்கின் உருவத்தை வில்லையால் தரையில் விழுத்திப் பார்க்கலாம்.

அப்படியானால் இந்த வில்லையால் ஏன் வாசிக்க முடியவில்லை? ஊகித்துச் சொல்கிறேன்: அவர் அதைத் தாளுக்கு மிக அருகில் பிடித்துக்கொண்டு, தம் மூக்குக்கண்ணாடியின் கீழ்ப்பகுதியால் பார்க்கிறார்.

வெள்ளவத்தை மகள்

நேரில் பார்த்ததுபோல் சொல்கிறீர்கள். தாளிலிருந்து நாலு விரற்கடை உயரத்தில்தான் பிடிக்கிறார். இன்னும் உயர்த்தினால் கலங்குகிறது என்கிறார்.

பழைய ஒளியியலாளர்

அந்தக் கலக்கம் கீழ்ப்பகுதியால் வருவது. வில்லையைத் தாளிலிருந்து சரியாக அதன் குவியத்தூரத்தில், உங்களுக்கு 20 சென்ரிமீற்றரில் பிடித்தால், எழுத்து வெகு தூரத்தில் இருப்பதுபோல் கண்ணுக்கு வரும். தூரத்துப் பொருளை வாசிப்புக் கண்ணாடியால் பார்த்தால் யாருக்கும் கலங்கும். ஆகவே மேல்பகுதியால் பார்க்க வேண்டும், அல்லது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தூரத்துக் கண்ணாடியை அணிய வேண்டும். தாளின் மேல் நிறுத்திவைக்கும் கால் உள்ள உருப்பெருக்கிக்கு இது நேரெதிர்: அதைக் கீழ்ப்பகுதியால்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதன் கால் குவியத்தூரத்தைவிடச் சற்றுக் குட்டையாகச் செய்யப்பட்டிருக்கும். இந்த ஒன்றைச் சொல்லிக்கொடுக்காததால் அலுமாரிக்குள் தூங்கும் உருப்பெருக்கிகள் கொழும்பில் எத்தனையோ.

இரண்டாவதாக, தலையை வில்லைக்கு அருகில் கொண்டுவரச் சொல்லுங்கள். தாளுக்கும் வில்லைக்கும் இடையிலான தூரம் மாறக் கூடாது. கண் மட்டும் கிட்ட வரலாம். பெருக்கம் மாறாது, ஒரே பார்வையில் அகப்படும் எழுத்துகள் கூடும். வில்லையின் அகலம் 9 சென்ரிமீற்றர் என்று வைத்தால், கண் 60 இல் இருக்கும்போது மூன்று சென்ரிமீற்றர் தாள்தான் தெரியும். 30 இல் ஆறு. பத்திரிகையின் ஒரு பத்தி முழுவதும் அதற்குள் அடங்கும். தமிழுக்கு இது கட்டாயம். ‘கொழும்பு’ என்ற சொல்லில் எழுத்து நான்குதான், ஆனால் தாளில் இடம்பிடிக்கும் உருவங்கள் ஆறு.

மூன்றாவது விளக்கு. கூரைக் குழல் விளக்கு வாசிப்பதற்கு அல்ல. கழுத்து வளையும் மேசை விளக்கை இடக்கண் பக்கமாக, தாளிலிருந்து 30 சென்ரிமீற்றரில், குமிழ் கண்ணுக்குத் தெரியாதபடி வையுங்கள். 60 இலிருந்து 30 க்கு இறக்கினால் தாளில் விழும் வெளிச்சம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். வைத்த பிறகு அந்த அச்செடுத்த தாள்களை மறுபடி வாசிக்கச் செய்யுங்கள்.

தெஹிவளை அம்மம்மா

எனக்கு 71 வயது, குளோக்கோமா. என் கதை வேறு, ஆனாலும் சொல்லிவைக்கிறேன். நடுப்பார்வை இருக்கிறது, சுற்றிலும் இல்லை, புல்லாங்குழலுக்குள்ளால் பார்ப்பதுபோல. மகன் அன்போடு வாங்கித் தந்த பெரிய மின்னணு உருப்பெருக்கியில் ஒரு நேரத்தில் ஒன்றரை எழுத்துத்தான் தெரிந்தது. அடுத்த எழுத்து வருவதற்குள் முந்தியது மறந்துவிடும். பெருக்கினால் எல்லாருக்கும் நல்லது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது கைப்பேசியில் எழுத்தின் அளவை அமைப்பிலேயே சற்றுக் கூட்டிவைத்திருக்கிறேன். அப்படிக் கூட்டும்போது வரிகள் திரைக்குள் மடிந்து வருகின்றன, விரலால் இழுத்துத் தேட வேண்டியதில்லை. மூன்று முறை தட்டித் திரையைப் பெருக்கும் Magnification ஐ நான் தொடுவதில்லை. வரி எங்கே முடிகிறது என்று தேடியே களைத்துவிடுவேன். நீண்டதாக இருந்தால் Select to Speak. குரல் போகப்போக அந்தந்தச் சொல்லைத் திரையில் நிறமிட்டுக் காட்டுவதால் நானும் கண்ணால் கூடவே போகிறேன்.

வெள்ளவத்தை மகள்

அம்மா, Select to Speak என்றா சொல்கிறீர்கள்? தம்பி TalkBack என்ற ஒன்றை இயக்கிவிட்டுப் போனான். அன்று முழுக்க அப்பாவால் வந்த அழைப்பை எடுக்கக்கூட முடியவில்லை. தொட்டதெல்லாம் கத்துகிறது.

மென்பொருள் தம்பி

அக்கா, அது திரையையே பார்க்க முடியாதவர்களுக்கானது. அதில் ஒரு தட்டு, தொட்டது என்ன என்று சொல்லும். இரண்டு தட்டுத்தான் அதை இயக்கும். குறுக்குவழி அமைந்திருந்தால் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் இரு பொத்தான்களையும் ஒன்றாகச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். அப்பாவுக்கு அம்மம்மா சொன்னதே பொருத்தம். முதலில் கைப்பேசியின் Text-to-speech அமைப்பில் தமிழ்க் குரலை இறக்கிக்கொள்ளுங்கள், வேகத்தைச் சற்றுக் குறையுங்கள். கணினியில் Edge உலாவியின் Read aloud இல் Tamil (Sri Lanka) என்றே சரண்யா, குமார் என இரண்டு குரல்கள் உண்டு, இணைய இணைப்பு வேண்டும்.

ஆனால் பழைய மாணவர் மடல் என்றீர்களே, அங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். நம் ஊரில் இன்னும் பலர் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் தட்டச்சுகிறார்கள். திரையில் தமிழ் என்று தெரிவது கோப்புக்குள் இப்படி இருக்கும்:

```
jkpo;
```

குரலுக்குத் தெரிவது இந்த ஆங்கில எழுத்துகள் மட்டுமே. ஒரு சொல்லைப் படியெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். இப்படிக் குப்பையாக வந்தால் பாமினிதான். அப்போது கோப்பை விட்டுவிட்டுப் பக்கத்தை screenshot எடுத்து Google Lens இல் திறந்து எழுத்தைத் தெரிவுசெய்து Listen ஐத் தட்டுங்கள். அது உருவத்தைப் பார்த்து வாசிப்பதால் எழுத்துரு எதுவானாலும் கவலையில்லை. பத்திரிகையையும் அப்படிப் படம்பிடிக்கலாம், ஆனால் ஒரு பத்தியை மட்டும் வெட்டி எடுங்கள். முழுப் பக்கத்தையும் கொடுத்தால் சில வேளை பத்திகளைக் குறுக்காகக் கடந்து வாசித்து, மரண அறிவித்தலையும் கிரிக்கெட்டையும் ஒரே வசனமாக்கிவிடும்.

வெள்ளவத்தை மகள்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

விளக்கை வைத்ததும் அப்பா 18 அளவைச் சரளமாக வாசித்தார். அவரே பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டார்: 1.8 மடங்கு, 22 சென்ரிமீற்றர், நாலரை டயொப்டர். ஆகவே கையில் இருந்த 5 டயொப்டரே போதுமாகிவிட்டது. மேல்பகுதியால் பார்ப்பதற்கு இரண்டு நாள் பழக வேண்டியிருந்தது. கறுப்பு மட்டையில் ஒரு வரி அளவுக்கு நீளத் துளை வெட்டிப் பத்திரிகை மேல் வைத்துக்கொடுத்தேன், அது யாரும் இங்கே சொல்லாதது. வரி தவறுவதும் தாளின் பளிச்சும் குறைந்தன. நிறம் மாற்றிப் பார்த்தோம்: வெள்ளைத் திரையில் நிமிடத்துக்கு 58 சொல், கறுப்பில் 61. பேரப்பிள்ளைகளின் படம் பேய்போல் தெரிகிறது என்று அணைக்கச் சொல்லிவிட்டார்.

கை மட்டும் பத்து நிமிடத்தில் வலிக்கிறது, நடுங்கவும் தொடங்குகிறது. மடலைக் குரலில் கேட்கிறார். தேவாரத்தைக் குரலில் கேட்க மறுக்கிறார். சந்தி பிரியாத வரிகளை அது கண்ட இடத்தில் ஒடிக்கிறது என்பது அவர் குற்றச்சாட்டு.

கொட்டாஞ்சேனை வாசி

மூன்று சொல் கூடித்தானே இருக்கிறது! நான் சொன்னதில் தவறில்லை.

பழைய ஒளியியலாளர்

ஒருமுறை வாசித்ததில் மூன்று சொல் என்பது பந்தியின் கடினத்தாலும் வரும், தம்பி. வேறு நாளில், வேறு பந்தியில் பார்த்தால்தான் தெரியும்.

கறுப்பு மட்டையை நான் மறந்தது என் பிழை மகள். கை வலிக்கு, கால் உள்ள, விளக்குப் பொருத்திய 8 டயொப்டர் வில்லை தேவாரத்துக்கு நன்றாக வரும். கையில் பிடிக்கும் மின்னணு உருப்பெருக்கி இன்னொரு வழி. வாங்கினால், வேகமாக நகர்த்தும்போது எழுத்து இழுபடுகிறதா என்று கடையிலேயே பாருங்கள். இரண்டில் எது என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது.

வெள்ளவத்தை மகள்

மருந்து உறை இன்னும் மீதம். பாமசியில் சிறு உறையில் பேனாவால் கிறுக்கித் தருகிறார்கள், Lens ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்றாக வாசிக்கிறது.

தெஹிவளை அம்மம்மா

கையெழுத்துக்கு அதை நம்பவே வேண்டாம் பிள்ளை. நான் உறைகளை வாங்கிய இடத்திலேயே தடித்த கறுப்புப் பேனாவைக் கொடுத்துக் காலை, இரவு என்று விரல் உயரத்தில் எழுதித் தரச் சொல்கிறேன். முகம் சுளிப்பார்கள். எழுதித் தருவார்கள்.

வெள்ளவத்தை மகள்

பேனா வாங்கியாயிற்று அம்மா. வில்லை பார்க்கப் புதன்கிழமை போகிறோம். அப்பா தேவாரப் புத்தகத்தையும் அடிமட்டத்தையும் எடுத்து வாசலில் வைத்திருக்கிறார்.